"ஒத்திவைக்கப்ப…": தமிழ்த் தலைப்பு எங்கெங்க, எப்படியெப்படி வெட்டுப்படுது

போன வருஷம் எங்க சின்ன நியூஸ் சைட்ல ஒரு தலைப்பு போட்டோம், "பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு ஒத்திவைக்கப்படவில்லை"ன்னு. ஏதோ ஒரு குரூப்ல கிளம்பின வதந்திக்கு மறுப்பு, அவ்வளவுதான். (10-ம்னு போட்டிருந்தா கொஞ்சம் சின்னதாயிருக்கும், ஆனா பத்தாம்னு எழுத்துலதான் போடணும்ங்கிறதுல எங்க எடிட்டர் பிடிவாதம்.) கொஞ்ச நேரத்துல பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணி "ஏம்ப்பா, பரீட்சை தள்ளிப்போச்சாமே, உங்க சைட்லயே போட்டிருக்கீங்களே"ன்னு கேட்டாங்க. அவங்க போன்ல லிங்க் பிரிவியூ கார்டுல வந்திருந்தது இதுதான்: "பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு ஒத்திவைக்கப…". மறுப்புச் செய்தியே வதந்திக்கு சாட்சியா மாறிடுச்சு. தப்பு நான் எழுதின டெம்ப்ளேட்ல, வேற யாரையும் சொல்ல முடியாது.

அதுக்கப்புறம் உக்காந்து இந்த ஒரே தலைப்பை வச்சுக்கிட்டு எங்கெல்லாம் வெட்டுப்படுது, எப்படியெல்லாம் கெட்டுப்போகுதுன்னு ஒவ்வொண்ணா பாத்தேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல இந்தத் தலைப்பு எவ்வளவு நீளம்? கேள்வி சுலபம், பதில் மூணு. பிரவுசர் கன்சோல்ல போட்டுப் பாருங்க:

```js
const s = "பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு ஒத்திவைக்கப்படவில்லை";
s.length                                         // 49
new TextEncoder().encode(s).length               // 141
[...new Intl.Segmenter("ta").segment(s)].length  // 29
```

நம்ம ஸ்கூல்ல படிச்ச கணக்குப்படி எண்ணினா 29, அதாவது 26 எழுத்து, 3 இடைவெளி. ஆனா யூனிகோடுல "தா"ங்கிறது ஒரு எழுத்து இல்ல, த ஒண்ணு, துணைக்கால் ஒண்ணு, ஆக ரெண்டு கோட் பாயிண்ட். "த்"தும் அப்படித்தான், த ஒண்ணு, மேல வைக்கிற புள்ளி ஒண்ணு. அப்படி எண்ணினா 49. அதை யூடிஎஃப்-8ல சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ் கோட் பாயிண்ட்டும் 3 பைட் எடுத்துக்கும், இடைவெளி மட்டும் ஒரு பைட், அதனால 46 பெருக்கல் 3, கூட்டல் 3, மொத்தம் 141. இங்கிலீஷ்ல "எக்ஸாம் நாட் போஸ்ட்போன்ட்"னு அவங்க எழுத்துல எழுதினா மூணு கணக்கும் ஒரே நம்பர்தான் வரும், அதனாலதான் அங்க எழுதின கோடுக்கு இந்த வித்தியாசமே தெரியாது, அந்தக் கோடை நாம எடுத்து நம்ம சைட்ல போட்டதும் எல்லா வினையும் ஆரம்பிக்குது.

பழைய பிஎச்பி டெம்ப்ளேட்ல `substr($title, 0, 100)`னு இருக்கும். இது பைட்டை எண்ணி வெட்டும். நம்ம தலைப்புல முதல் மூணு வார்த்தையும் இடைவெளியும் சேர்ந்து 81 பைட், மிச்சம் 19. பதினெட்டு பைட்ல ஒ, த, புள்ளி, த, இகரச் சுழி, வ ஆறும் உக்காந்துடும், மிஞ்சின அந்த ஒரு பைட் "வை"யோட ஐகாரக் கொம்புல முதல் மூணுல ஒரு பங்கு. அதுக்கு தனியா அர்த்தமே கிடையாது, அதனால பிரவுசர் அங்க ஒரு கறுப்பு டைமண்ட் போட்டு உள்ள கேள்விக்குறி வைக்கும்: "ஒத்திவ�". தமிழ் சைட்டுகள்ல தலைப்போட கடைசில இந்த டைமண்டைப் பாத்தீங்கன்னா வேற யோசிக்கவே வேணாம், யாரோ பைட் கணக்குல வெட்டியிருக்காங்க. ஒவ்வொரு தலைப்புலயும் வராது, ஏன்னா 3 பைட்ல வெட்டு சரியா எல்லையில விழ மூணுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு, அதனால டெஸ்ட் பண்றப்ப நல்லாயிருந்துட்டு ரெண்டு நாள் கழிச்சு வேற தலைப்புல வந்து நிக்கும்.

டைமண்ட் கண்ணுக்குத் தெரிஞ்சா நல்ல விஷயம்னுதான் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாம கெடுக்கிறதுதான் மோசம். அதே அரைகுறை பைட்டோட அந்த ஸ்னிப்பெட்டை `json_encode()`கிட்ட குடுத்தா அது திட்டவும் திட்டாது, அழவும் அழாது, பேசாம `false`னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிடும், ஆப்ல அந்தப் பக்கம் முழுசா வெத்தா வரும். ஆர்எஸ்எஸ் ஃபீடுல போனா இன்னும் விசேஷம், எக்ஸ்எம்எல்ல செல்லாத ஒரு பைட் இருந்தாலே முழு ஃபைலும் செல்லாது, ஒரு செய்தியோட சுருக்கம் தப்பா வெட்டுப்பட்டதுக்கு அந்த நாளோட இருபது செய்தியும் ஃபீடுல இருந்து காணாமப் போயிடும்.

இதுக்கு எல்லாரும் சொல்ற மருந்து `mb_substr`. நானும் அதைத்தான் போட்டிருந்தேன், 40னு. இது கோட் பாயிண்ட் எண்ணி வெட்டும், டைமண்ட் வராது, அதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டேன். ஆனா நம்ம தலைப்புல 29 கோட் பாயிண்ட் முதல் மூணு வார்த்தைக்கும் இடைவெளிக்கும் போயிடுது, மிச்சம் 11, கடைசி வார்த்தையில பதினொண்ணாவது கோட் பாயிண்ட் ப, பன்னெண்டாவதுதான் அதோட புள்ளி. ப உள்ள, புள்ளி வெளிய. "ஒத்திவைக்கப…". பக்கத்து வீட்டு அக்கா பாத்தது இதைத்தான்.

இந்த மாதிரி வெட்டு கண்டுபிடிக்கக் கஷ்டம், ஏன்னா உடைஞ்ச மாதிரியே தெரியாது. "கல்"லை வெட்டினா "கல"ன்னு நிக்கும், "முடிவு"ல கடைசி உகரம் போனா "முடிவ"ன்னு நிக்கும், படிக்கிறவங்க ஏதோ எழுத்துப்பிழைன்னு நினைச்சு "தமிழ்ல ஒழுங்கா எழுதத் தெரியாதா"ன்னு ரிப்போர்ட்டரைத் திட்டுவாங்க, பாவம் அவருக்கு ஒண்ணும் தெரியாது. இதுல ஒகர ஓகாரம் இன்னும் ஒரு படி மேல. "பொ"ங்கிறதை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம், ப கூட `U+0BCA`ங்கிற ஒரே குறி, இல்லன்னா ப கூட கொம்பு `U+0BC6`, அதுக்கப்புறம் துணைக்கால் `U+0BBE`. திரையில ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான். ரெண்டாவது விதத்துல வந்த டெக்ஸ்ட்டை கொம்புக்கும் காலுக்கும் நடுவுல வெட்டினீங்கன்னா "பொ" போய் "பெ" ஆயிடும், அதாவது ஒரு எழுத்து குறையல, வேற எழுத்தாவே மாறிடுது. அதனால தலைப்பு உள்ள வரும்போதே ஒரு தடவை `Normalizer::normalize($title)` வழியா அனுப்பி முதல் விதத்துக்கு மாத்திடுறது நல்லது, அது இல்லாம உங்க சைட்டோட சொந்த தேடல்லயே "பொதுத்தேர்வு"ன்னு தேடினா பாதி செய்தி வராது, ஏன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருப்பீங்க. ஆனா இந்த நார்மலைசேஷன் "ஔவை"யை "ஒளவை"ன்னு ஒ-வும் ள-வும் போட்டு அடிச்சு வச்சிருக்கிறதைத் திருத்தாது, அது வேற எழுத்துகள், மிஷினுக்கு அதுல தப்பே தெரியாது. "கௌரவம்" "கெளரவம்" கதையும் அதேதான்.

சரி, எழுத்து எழுத்தா வெட்டுறதுக்குன்னே ஒண்ணு இருக்கு, `grapheme_substr`. அது த், தா, பொ எல்லாத்தையும் ஒரே எழுத்தா எடுத்துக்கும். நம்ம தலைப்பு மொத்தமே 29 தானே, 40 எழுத்து இடத்துல முழுசா வந்துடுச்சு. ஒரே ஒரு சின்ன ஓட்டை, க்ஷ, ஸ்ரீ ரெண்டையும் யூனிகோடு விதி தமிழ்ல ரெண்டு ரெண்டு எழுத்தாத்தான் எண்ணும். தேவநாகரி, வங்காளம், மலையாளம் மாதிரி எழுத்துகளுக்கு கூட்டெழுத்தைப் பிரிக்காம வச்சுக்கிற விதி 2023ல வந்த யூனிகோடு 15.1ல சேத்தாங்க, அந்தப் பட்டியல்ல தமிழ் இல்ல. இல்லாததும் நியாயம்தான், நமக்கு "பக்கம்"ல க்-கும் க-வும் ரெண்டு எழுத்து, சேத்து எண்ணினாத்தான் தப்பு. ஆனா "ஸ்ரீ" சரியா நடுவுல வெட்டுப்பட்டா "ஸ்…"ன்னு வந்து நிக்கும், அபூர்வம், நான் அதுக்குன்னு ஒண்ணும் பண்ணல.

எழுத்து உடையாம வெட்டியாச்சு, பிரச்சினை தீந்துச்சான்னா, இங்கதான் விஷயமே ஆரம்பிக்குது. நோட்டிஃபிகேஷன்ல இடம் கம்மி, அங்க ஒரு 25 எழுத்துன்னு வைங்க. எந்த எழுத்தும் சிதையாம சுத்தமா வெட்டினா கிடைக்கிறது: "பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு ஒத்திவைக்கப்ப…". டெக்னிக்கலா பிசிறே இல்ல. இதைப் படிக்கிற யாரும் அடுத்து "ட்டது"ன்னுதான் மனசுக்குள்ள முடிப்பாங்க. நாம எழுதினது "டவில்லை".

தமிழ்ல வினை கடைசியில, அந்த வினைக்கும் கடைசியிலதான் இல்லை, மாட்டார், கூடாது, அப்புறம் கேள்வியா கேக்கிற அந்த ஆகாரம், எல்லாமே வரும். "அமைச்சர் ராஜினாமா செய்யவில்லை", "அமைச்சர் ராஜினாமா செய்தாரா?", "அமைச்சர் ராஜினாமா செய்தார்" மூணும் முக்கால்வாசி ஒரே தலைப்பு, வித்தியாசம் எல்லாம் வால்ல. இங்கிலீஷ்ல நாட்ங்கிறது பெரும்பாலும் வினைக்கு முன்னாடியே வந்துடும், அதனால வாலை வெட்டினா எங்க, எப்பங்கிற விவரம் போகும், சேதி தலைகீழா ஆகறது கம்மி. நமக்கு வால்தான் உயிர், வெட்டுறவன் எல்லாம் வாலைத்தான் வெட்டுறான்.

வார்த்தை எல்லையில வெட்டலாமேன்னு கேப்பீங்க. வெட்டினேன். "பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு…"ன்னு வந்தது. பொய் இல்ல, ஆனா சேதியும் இல்ல. நம்ம வார்த்தைங்க ஒட்டி ஒட்டி நீளமாகறதால ஒரு வார்த்தையை விட்டா தலைப்புல பாதி போயிடுது, இங்க அந்தக் கடைசி வார்த்தை மட்டும் 49ல 20. ஆனாலும் பொய்க்கு இது பரவாயில்லன்னு கோடுல வார்த்தை எல்லையிலயே விட்டுட்டேன். உண்மையான திருத்தம் கோடுல இல்ல, எடிட்டிங்லதான் வந்தது: மறுப்புச் செய்தின்னா மறுப்பு முன்னாடி வரணும். "ஒத்திவைப்பு இல்லை: பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு அறிவித்த தேதியிலேயே". இதை எங்க வெட்டினாலும் முதல் ரெண்டு வார்த்தை நிக்கும். எங்க எடிட்டருக்கு இது தலைப்பு மாதிரியே இல்ல, நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குன்னு வருத்தம், எனக்கும் அழகா தோணல, ஆனா அக்கா மறுபடி போன் பண்ணல.

எத்தனை எழுத்துக்குள்ள எழுதினா வெட்டாதுன்னு அடிக்கடி கேக்கிறாங்க. எஸ்இஓ டூல் எல்லாம் 60, 160னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டு பச்சை சிவப்பு காட்டும், அது இங்கிலீஷுக்கு அனுபவத்துல வந்த கணக்கு. கூகுளோட சொந்த விளக்கத்துலயே டைட்டிலுக்கு நீள வரம்பு எதுவும் இல்ல, காட்டும்போது திரையோட அகலத்துக்கு ஏத்தாப்ல வெட்டுவோம்னுதான் இருக்கு. அகலம்னா பிக்சல். புள்ளிக்கு அகலமே கிடையாது, எழுத்து மேல உக்காந்துக்கும், ஆனா டூல் அதை ஒண்ணுன்னு எண்ணும், இன்னொரு பக்கம் ஞ, ண, ஐ எல்லாம் ஒரு இங்கிலீஷ் எழுத்தைவிட ரொம்ப அகலம், அதையும் ஒண்ணுன்னுதான் எண்ணும். ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிக்கும்னு நம்பிட்டு இருக்க முடியாது. "ட்" "ர்" நிறைய வர்ற தலைப்பு கோட் பாயிண்ட் அதிகமா இருந்தாலும் முழுசா தெரியலாம், "ண்ணை" "ஞானம்"னு வர்றது அதைவிடக் கம்மியிலயே வெட்டுப்படலாம். தமிழுக்கு ஒரே நம்பர் சொல்றவங்க யாரா இருந்தாலும் நம்பாதீங்க, ஒரு சாதாரண போன்ல திறந்து பாக்கிறதுதான் வழி.

யாரும் கவனிக்காத இன்னொரு வெட்டு யூஆர்எல்ல நடக்குது. வேர்ட்பிரஸ்ல தலைப்புல இருந்து தானா உருவாகிற ஸ்லக்குக்கு 200 கேரக்டர் இடம். போதுமேன்னு தோணும். ஆனா தமிழ் எழுத்து அங்க அப்படியே போகாது, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக்குறியும் ரெண்டு எழுத்துமா மாறும், க-ன்னா `%E0%AE%95`, ஒரு கோட் பாயிண்ட்டுக்கு ஒன்பது. 200ஐ ஒன்பதால வகுத்தா 22 கோட் பாயிண்ட், அவ்வளவுதான் உங்க இடம். நம்ம தலைப்புக்கு கணக்குப் போட்டேன்: பத்தாம் 63, கோடு 1, வகுப்பு 63, கோடு 1, ஆச்சு 128. மிச்சம் 72ல எட்டு கோட் பாயிண்ட். ஸ்லக் `பத்தாம்-வகுப்பு-பொதுத்தே`ன்னு முடியும், சரியா 200. அடுத்த வாரம் "பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு முடிவுகள்"னு ஒண்ணு போட்டா அதுக்கும் இதே ஸ்லக்தான் வரும், ஏற்கனவே இருக்கேன்னு பின்னாடி 2 ஒட்டணும், ஒட்ட இடம் வேணும்ல, அதுக்காக அந்த ஏகாரக் கொம்பையும் புடுங்கிட்டு `பத்தாம்-வகுப்பு-பொதுத்த-2`ன்னு ஆக்கிடும். தப்பாகிப்போற எழுத்தைவிட எனக்கு உறுத்துறது, மூணு வித்தியாசமான செய்திக்கு 2, 3, 4ன்னு வர்றதும், லிங்க்கைப் பாத்து எது எதுன்னு சொல்ல முடியாம போறதும்தான். ஸ்லக்கை மட்டும் கையால சின்னதா அடிக்கிறோம் இப்ப, தமிழ்லயே, ரெண்டு வார்த்தை.

இதெல்லாம் பக்கவாட்டு வெட்டு. மேலயும் கீழயும் வெட்டுற கதை ஒண்ணு இருக்கு. கார்டு டிசைன்ல தலைப்புக்கு ரெண்டு வரி, `overflow: hidden`, `line-height: 1.2`ன்னு போட்டிருப்பாங்க, இங்கிலீஷுக்கு அழகா இருக்கும். நம்ம எழுத்து மேல இகரச் சுழி, புள்ளி, கீழ உகரத்தோட வால்னு ரெண்டு பக்கமும் ஏறி இறங்கும், அதனால மேல் விளிம்புல புள்ளி மறையும். டெக்ஸ்ட் உள்ள முழுசா இருக்கு, காப்பி பண்ணிப் பாத்தா "கல்வித்துறை", கண்ணுக்குத் தெரியறது "கலவிததுறை". ஆமா, படிச்சுட்டீங்கல்ல. எங்க சைட்ல அது ஒரு நாள் முழுக்க இருந்தது. 1.5, 1.6ன்னு தூக்கி வச்சா சரியாயிடும், கண்டுபிடிக்கிற வழியும் சுலபம், காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டினா புள்ளி திரும்பி வந்துச்சுன்னா பிரச்சினை டெக்ஸ்ட்ல இல்ல, ஸ்டைல்ல.

அதே மாதிரி தேடல் முடிவுல தேடின வார்த்தையை போல்ட் பண்றப்ப ஒண்ணு நடக்கும். "தமிழ்"னு தேடினா "தமிழில்"லும் வரணும்னு சிலர் புள்ளியைக் கழட்டிட்டு "தமிழ"ங்கிற அடிவரைக்கும் பொருத்திப் பாப்பாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா போல்ட் டேக் ழ-வோட முடிஞ்சு, அடுத்த இகரச் சுழி டேக்குக்கு வெளிய போய் விழுந்துடும். போல்ட் ஒரு ஃபாண்ட், சாதாரணம் ஒரு ஃபாண்ட், ரெண்டும் தனித்தனியா வரையப்படும்போது தனியா மாட்டின சுழிக்கு உக்கார எழுத்து இல்லாம ஒரு புள்ளி வட்டம் போட்டு அது மேல ஏறிக்கும்: "தமிழ" அப்புறம் "◌ி" அப்புறம் "ல்". புள்ளி வட்டம் தெரிஞ்சா குறி ஒண்ணு தன் எழுத்தைத் தொலைச்சுட்டு நிக்குதுன்னு அர்த்தம், ஃபாண்ட் மேல பழி போடாம டேக் எங்க மூடுதுன்னு பாருங்க.

பழைய சைட் வச்சிருக்கவங்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி பாமினி மாதிரி ஃபாண்ட்லதான் தமிழ், இலங்கைத் தமிழ்ச் சைட்டுகள்ல ரொம்ப காலம் அதுதான் ராஜா. உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, `jkpo;`ன்னு அடிச்சா பாமினியில "தமிழ்"னு தெரியும். பக்கத்தோட உடம்புல எந்த ஃபாண்ட்னு சொல்லிக்கலாம், ஆனா டைட்டிலுக்கு ஃபாண்ட் சொல்ல வழியே கிடையாது, அது பிரவுசரோட தலையிலயும் தேடல் முடிவுலயும் அவங்க ஃபாண்ட்லதான் தெரியும். அதனால உடம்பெல்லாம் தமிழா இருந்தாலும் தலைப்புல `jkpo;`ன்னுதான் வரும், அதுக்குப் பயந்தே நிறைய பேர் டைட்டிலை மட்டும் இங்கிலீஷ்ல வச்சாங்க. ஸ்னிப்பெட் எடுக்கும்போது இன்னொரு கூத்து: பாமினியில ஈ-க்கு சாவி `<`, காற்புள்ளிக்கு `>`. அப்ப "ஈழம்"னா `<ok;`. இதை `strip_tags` வழியா அனுப்பினா அது ஏதோ ஒரு டேக்னு நினைச்சு, அடுத்த காற்புள்ளி வரைக்கும் மொத்தத்தையும் முழுங்கிடும். ஈழம்னு தொடங்கின சுருக்கமெல்லாம் நடுவாக்கியத்துல இருந்து தொடங்கினதுக்குக் காரணம் எந்த அரசியலும் இல்ல, இதுதான். முதல்ல யூனிகோடுக்கு மாத்திட்டு அப்புறம் டேக்கை உரிக்கணும், அதுவும் உண்மையான டேக்கை விட்டுட்டு டெக்ஸ்ட்டை மட்டும் மாத்தணும்.

(அந்தக் காலத்துப் போன்ல தமிழ்னாலே கட்டம் கட்டமாத்தான் வரும். ஒபேரா மினியில `opera:config`னு அடிச்சு பிட்மேப் ஃபாண்ட் செட்டிங்கை ஆன் பண்ணி, எழுத்தைப் படமா வாங்கிப் படிச்சவங்க கை தூக்குங்க.)

இங்கிலீஷ் எழுத்துல டைட்டில் வைக்கிற பழக்கம் இன்னும் சிலர்கிட்ட இருக்கு, உள்ள தமிழ், தலைப்பு மட்டும் தங்கிலீஷ். 2022 ஜூன்ல கூகுள் சொன்னது, பக்கத்தோட மொழியும் எழுத்தும் ஒண்ணு, டைட்டில் வேறன்னு இருந்தா பக்கத்துக்குப் பொருந்துற வேற தலைப்பை நாங்களே எடுத்துக்குவோம்னு. அப்ப நீங்க பாத்துப் பாத்து வச்ச டைட்டிலுக்குப் பதிலா உள்ள இருக்கிற ஏதோ ஒரு தலைப்பு வரி வரலாம். நியாயமாத்தான் படுது எனக்கு.

கடைசியா அந்த பூச்சி பூச்சியான எழுத்து. `à®¤à®®à®¿à®´à¯`னு பாத்திருப்பீங்க, அது வேற ஒண்ணும் இல்ல, "தமிழ்"தான். த-வோட மூணு பைட் `E0 AE A4`, அதை யூடிஎஃப்-8னு படிக்காம விண்டோஸ்-1252ன்னு படிச்சா ஒவ்வொரு பைட்டும் ஒரு ஐரோப்பிய எழுத்தா தெரியும். à-வும் ®-உம் மாறி மாறி வந்தா அது தமிழ்தான். பக்கத்துல `<meta charset="utf-8">` இல்லன்னாலோ, முதல் 1024 பைட்டுக்குள்ள இல்லன்னாலோ இது வரலாம். 1024ன்னா நமக்கு 341 கோட் பாயிண்ட்தான், நீளமான தமிழ் டிஸ்கிரிப்ஷனையும் டைட்டிலையும் முன்னாடி வச்சுட்டு இந்த வரியைப் பின்னாடி போட்டா எல்லை தாண்டிடும், அதனால `<head>` திறந்த உடனே முதல் வரியா இதைப் போடுங்க. வெறும் காட்சிப் பிழைன்னா அதோட சரியாயிடும். ஒரே சீரா `?????`ன்னு இருந்தா மட்டும் ஆசையை விட்டுடுங்க, சேமிக்கும்போதே எழுத்து போயிடுச்சு.

பூச்சி எழுத்து டேட்டாபேஸ்லயே சேமிப்பாகியிருந்தா திருப்பி மாத்தலாம்னு எல்லாரும் ஒரு வரி சொல்வாங்க:

```python
t.encode("cp1252").decode("utf-8")
```

தமிழுக்கு இது முதல் வார்த்தையிலயே எரர் அடிக்கும். விண்டோஸ்-1252ல ஐஞ்சு பைட்டுக்கு எழுத்தே ஒதுக்கல: `81`, `8D`, `8F`, `90`, `9D`. நம்ம புள்ளி `E0 AF 8D`. நம்ம உகரம் `E0 AF 81`. ஏ `E0 AE 8F`, ஐ `E0 AE 90`. நம்ம அதிர்ஷ்டம் அப்படி, தமிழ்ல எங்க பாத்தாலும் வர்ற புள்ளியும் உகரமும்தான் அந்த ஓட்டையில விழுது. அந்த பைட்டுகள் கண்ணுக்குத் தெரியாத கன்ட்ரோல் கேரக்டரா உள்ள இன்னும் இருந்துச்சுன்னா தப்பிச்சோம், `ftfy`ங்கிற பைத்தான் லைப்ரரி அதைப் புரிஞ்சுக்கிட்டு ஒழுங்கா மீட்டுக் குடுக்கும். நடுவுல ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் "செல்லாத கேரக்டர்"னு அதைத் தூக்கிப் போட்டிருந்தா, `E0 AF`ன்னு ரெண்டு பைட் மட்டும் நிக்கும், அது புள்ளியா உகரமான்னு பைட்டை வச்சு சொல்லவே முடியாது.

எங்க பழைய ஆர்க்கைவ்ல அப்படித்தான் ஆயிருந்தது, ஏதோ ஒரு சர்வர் மாத்தும்போது நான் ஓட்டின ஸ்கிரிப்ட்தான். அகராதியை வச்சு பெரும்பாலும் நிரப்பிட்டேன், "வகுப்பு"ல எது புள்ளி எது உகரம்ங்கிறதுல சந்தேகமே வராது. "கண்"ணா "கணு"வா, "ஐந்து"வா "ஏந்து"வான்னு வந்தப்ப பக்கத்து வார்த்தைங்க காப்பாத்துச்சு. மாட்டினது பேர்கள். தலைப்புல "ராஜ" போட்டு ஒரு டைமண்ட் நிக்குது, அவர் ராஜ்ஜா ராஜுவா? செய்தி உள்ளயும் அதே டைமண்ட். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு லிஸ்ட் எடுத்து அந்தந்த ஊர் பழைய ரிப்போர்ட்டர்களுக்கு அனுப்பியிருக்கேன், ஒருத்தர் மட்டும் இதுவரைக்கும் பதில் போட்டிருக்கார், "தம்பி, அவர் ராஜு, ஆனா அந்தச் செய்தியில நாங்கதான் அப்பவே ராஜ்னு தப்பா போட்டோம்"னு.